மூன்று ஓட்ஸ் பாக்கெட்டுகள், ஒரே வீடு: லேபிளில் எதைப் பார்ப்பது?

கேத்தி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஓட்ஸ் சாப்பிடுகிறவர்கள் இருவர். அப்பாவுக்கு வயது 68. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அக்கா மகளுக்கு வயது 8; சென்ற ஆண்டு கோவையில் எண்டோஸ்கோப்பி செய்து, குடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். அன்றிலிருந்து கோதுமை, மைதா, ரவை எதுவும் அவளுக்குக் கிடையாது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த வர்க்கியைக்கூட அவள் கண்ணில் படாமல்தான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

நேற்று குன்னூர் சந்தைப் பக்கம் போனபோது மூன்று விதமான ஓட்ஸ் வாங்கி வந்தேன். லேபிளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு கிலோ ரோல்டு ஓட்ஸ். பொருள்கள் என்ற இடத்தில் ஓட்ஸ் 100% என்பது மட்டுமே உள்ளது. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 1 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 0, நார்ச்சத்து 10 கிராம். அடியில், ஓட்ஸ் உள்ளது என்றும், கோதுமை, பார்லி, சோயா இருக்கக்கூடும் என்றும் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, சாதா இன்ஸ்டன்ட் ஓட்ஸ். இதிலும் ஓட்ஸ் 100% தான். எண்கள் ஏறக்குறைய முதல் பாக்கெட்டில் உள்ளவையே. ஆனால் அடியில் ஓட்ஸ் உள்ளது என்பதோடு நிறுத்திவிட்டார்கள். கோதுமையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது, ஆப்பிளும் லவங்கப்பட்டையும் கலந்த 40 கிராம் சிறு பாக்கெட். பொருள்கள்: ஓட்ஸ் 62%, சர்க்கரை, மால்ட்டோடெக்ஸ்ட்ரின், உலர்ந்த ஆப்பிள் துண்டு 3%, உப்பு, லவங்கப்பட்டைத் தூள், சுவையூட்டி. 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 24 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 22 கிராம்.

என் கேள்விகள் இரண்டு. முதல் இரண்டு பாக்கெட்டின் எண்களும் ஒன்றாகவே இருப்பதால், அப்பாவுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதானா? கோதுமையைப் பற்றி எதுவும் சொல்லாத இரண்டாவது பாக்கெட்டைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கொடைக்கானல் விடுதி

நான் ஏரிக்கு அருகில் நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். விருந்தினர்களுக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுப்பதால் இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும். ரோல்டு ஓட்ஸ் வாங்காதீர்கள். பாக்கெட்டில் 5 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். நம் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் 10 நிமிடம் ஆனாலும் நடுவில் கடிபடும். இன்ஸ்டன்ட் என்றால் வெந்நீர் ஊற்றி மூடி வைத்தாலே போதும். சென்ற டிசம்பரில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன ஒரு காலையில் என்னைக் காப்பாற்றியதே அதுதான். ஆப்பிள் பாக்கெட்டைப் பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்கள்.

இயற்கைவழி, கோத்தகிரி

விடுதிக்காரர் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்று நினைக்கிறேன். சகோதரி கேட்டது நோயாளிகளுக்கு எது பொருந்தும் என்பதை.

ஓட்ஸில் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது. அது கோதுமையில் இருக்கிற பொருள். ஆகவே 100% ஓட்ஸ் என்று போட்டிருக்கிற எந்தப் பாக்கெட்டும் குழந்தைக்கு ஆகும். அதிலும் கோதுமை இருக்கக்கூடும் என்று தாங்களாகவே சொல்லாத இரண்டாவது பாக்கெட் இன்னும் நல்லது. அப்பாவைப் பொறுத்தவரை இன்ஸ்டன்ட் என்றாலே சீக்கிரம் வேக வேண்டும் என்பதற்காகச் சர்க்கரையும் ரசாயனமும் சேர்த்ததுதான். லேபிளில் பூஜ்யம் என்று போடுவதெல்லாம் கண்துடைப்பு. ரோல்டு மட்டும் கொடுங்கள்.

பழைய ஆலைக்காரன், குன்னூர்

நான் 26 ஆண்டுகள் தானிய ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வந்து குடியேறியவன். மேலே உள்ள பதிலில் முடிவு பாதி சரி, காரணம் முழுவதும் தவறு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சாதா இன்ஸ்டன்ட் ஓட்ஸில் சர்க்கரை சேர்ப்பதில்லை. லேபிளில் உள்ள பூஜ்யம் உண்மையானதே. வேறுபாடு பொருளில் இல்லை, வேலையில் இருக்கிறது. உமி நீக்கிய ஓட்ஸ் மணியை முழுதாக ஆவியில் காட்டி, இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டுத் தட்டையாக்கினால் அது ரோல்டு. அதே மணியை முதலில் கத்தியால் மூன்று நான்கு துண்டாக நறுக்கி, கூடுதலாக ஆவி கொடுத்து, உருளைகளை இன்னும் நெருக்கி வைத்து மெல்லிய சருகாக எடுத்தால் அது இன்ஸ்டன்ட். மாவுச்சத்து ஆலையிலேயே பெரும்பகுதி வெந்துவிடுகிறது. சருகு மெல்லியதாக இருப்பதால் வயிற்றிலும் சீக்கிரம் கரைகிறது. 100 கிராமை எடுத்துச் சோதனைக்கூடத்தில் அளந்தால் புரதமும் நாரும் சர்க்கரையும் இரண்டிலும் ஒன்றாகத்தான் வரும். லேபிளில் உள்ள அட்டவணை ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். அது எவ்வளவு வேகமாக இரத்தத்துக்குப் போகும் என்பதைச் சொல்வதற்கு அதில் வரிசையே கிடையாது.

ஆகவே ஐயாவுக்கு ரோல்டு என்பது சரிதான். ஆனால் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று ஆலையின் மேல் பழி போடுவதற்கில்லை.

குளூட்டன் விஷயம் இதைவிடச் சிக்கலானது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கேத்தி ஆசிரியை

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்ததும் இரண்டு நாள் சோதித்துப் பார்த்தோம். இரண்டு நாளும் 40 கிராம் ஓட்ஸ், தண்ணீரில் வேகவைத்தது, சர்க்கரை இல்லை, அரை டம்ளர் பால். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவின் விரலில் குத்திப் பார்த்ததில் ரோல்டுக்கு 171, இன்ஸ்டன்ட்டுக்கு 203 வந்தது. இதை வைத்து முடிவு செய்யலாமா?

கூடலூர் உணவியலாளர்

நான் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முந்தைய இரவு உணவு, தூக்கம், அன்றைய நடை ஆகியவையே 30 புள்ளி ஏற்றி இறக்கிவிடும். ஆனால் உங்களுக்கு வந்திருக்கிற திசை எதிர்பார்க்கக்கூடியதுதான். ஒரு உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் கிளைசெமிக் குறியீடு, ரோல்டு ஓட்ஸ் கஞ்சிக்கு 55ஐ ஒட்டியும், இன்ஸ்டன்ட் கஞ்சிக்கு 75ஐத் தாண்டியும் ஆய்வு அட்டவணைகளில் காணப்படுகிறது. இன்னும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தோடு ஒரு மணி நேர அளவையும் எடுங்கள், ஏனெனில் இன்ஸ்டன்ட்டின் ஏற்றம் அங்கேதான் தெரியும்.

ஆப்பிள் பாக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த லேபிளை மட்டும் நான் ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

சேர்க்கப்பட்ட சர்க்கரை 100 கிராமுக்கு 22 கிராம் என்றால், 40 கிராம் பாக்கெட்டில் 8.8 கிராம். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. நம் நாட்டு லேபிள் விதி ஒரு நாளுக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரையை அளவுகோலாக வைத்துச் சதவீதம் போடச் சொல்கிறது. அதனால் அந்தப் பாக்கெட்டில் 18% என்று ஒரு சாதுவான எண் இருக்கும். அந்த 50 கிராம் 2000 கலோரி சாப்பிடும் சராசரிப் பெரியவருக்கானது. உங்கள் அப்பாவுக்கு அது ஒரு இலக்கும் அல்ல, அனுமதியும் அல்ல. பசி அடங்கவில்லை என்று இரண்டு பாக்கெட் பிரித்தால் 17.6 கிராம் ஆகிவிடும். பெரும்பாலானவர்கள் இரண்டுதான் பிரிக்கிறார்கள்.

மொத்தச் சர்க்கரை 24, சேர்க்கப்பட்டது 22 என்றால் மீதி 2 கிராம்தான் ஓட்ஸும் ஆப்பிளும் இயல்பாகக் கொண்டு வந்தது. அட்டையில் பெரிய பழம் இருந்தாலும், இனிப்பு பழத்திலிருந்து வரவில்லை என்பதற்கு அந்தக் கழித்தலே சாட்சி. அடுத்து மால்ட்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். அது சர்க்கரை வரிசையில் சேராது. கார்போஹைட்ரேட் என்ற பெரிய எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸாக மாறுவதில் அது சர்க்கரையை விட மெதுவானது அல்ல. பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே சர்க்கரைக்கு அடுத்தும் ஆப்பிளுக்கு முன்னும் அது நிற்பதால், 3 கிராமுக்குக் குறையாமலும் 22 கிராமுக்கு மேற்படாமலும் இருக்கிறது என்று தெரிகிறது. மற்றவற்றைக் கழித்துப் பார்த்தால் என் ஊகம் 8 முதல் 11 கிராம் வரை.

கடைசியாக, 40 கிராமில் 62% என்றால் ஓட்ஸ் வெறும் 24.8 கிராம். ஓட்ஸைக் கொலஸ்ட்ராலுக்காகச் சாப்பிடுகிறவர்கள் அதிலுள்ள பீட்டா குளூகன் என்ற கரையும் நாருக்காகத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரு நாளுக்கு 3 கிராம் தேவை என்பது கணக்கு. அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இந்தப் பாக்கெட்டில் மூன்று பிரித்தால்தான் அந்த அளவு கிடைக்கும். கூடவே 26 கிராம் சர்க்கரையும் வந்து சேரும்.

இயற்கைவழி, கோத்தகிரி

இன்ஸ்டன்ட் விஷயத்தில் நான் சொன்னது தவறு என்று ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் இனிப்பு வேண்டாம், மசாலா ஓட்ஸ் பாக்கெட் கொடுக்கலாமே? அதில் சர்க்கரை இருக்காதே.

கூடலூர் உணவியலாளர்

இருக்கும், குறைவாக இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது சோடியம். என் மேசையில் இருக்கிற மசாலா பாக்கெட்டில் 100 கிராமுக்கு 900 மில்லிகிராம். 40 கிராம் பாக்கெட்டில் 360. ஒரு நாள் அளவான 2000 மில்லிகிராமில் அதுவும் 18% தான். குழந்தையைப் பொறுத்தவரை மசாலா வகை இன்னும் ஆபத்தானது. ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், சோயா சாஸ் தூள் என்று வருகிற பொருள்கள் கோதுமையிலிருந்தும் செய்யப்படுகின்றன. அங்கே கோதுமை தற்செயலாகக் கலப்பதில்லை, செய்முறையிலேயே இருக்கிறது.

பழைய ஆலைக்காரன், குன்னூர்

இப்போது குழந்தையின் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டாவது பாக்கெட்டில் கோதுமையைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால் அது தூய்மையானது என்று பொருள் கொள்ளக் கூடாது. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறையில், ஒவ்வாமை தரும் பொருளைச் செய்முறையில் சேர்த்திருந்தால் ‘உள்ளது’ என்று எழுதுவது கட்டாயம். ஆலையில் தற்செயலாகக் கலந்திருக்க வாய்ப்பிருந்தால் ‘இருக்கக்கூடும்’ என்று எழுதலாம். எழுதலாம், அவ்வளவுதான். ஒரு நிறுவனம் அதை எழுதுகிறது, இன்னொன்று எழுதுவதில்லை. இரண்டும் ஒரே துறைமுகத்தில் ஒரே கப்பலிலிருந்து இறங்கிய ஓட்ஸாக இருக்கலாம். முதல் பாக்கெட்டுக்காரர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார், இரண்டாமவர் சொல்லவில்லை என்பதற்கு மேல் அந்த வேறுபாட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். நம் விதியில் குளூட்டன் உள்ள தானியங்கள் என்ற பட்டியலில் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றோடு ஓட்ஸும் இருக்கிறது. அதனால் எவ்வளவு சுத்தமான ஓட்ஸாக இருந்தாலும் ‘ஓட்ஸ் உள்ளது’ என்ற வரி வந்தே தீரும். அந்த வரி கலப்படத்தைக் குறிப்பதல்ல.

கலப்பு எங்கே நடக்கிறது? வயலில் தொடங்குகிறது. ஓட்ஸ் விளையும் நிலத்தில் முந்தைய பருவத்தில் கோதுமையோ பார்லியோ விளைந்திருக்கும். உதிர்ந்த மணி அடுத்த பருவத்தில் முளைத்து ஓட்ஸோடு சேர்ந்தே அறுவடையாகும். பிறகு அதே அறுவடை இயந்திரம், அதே லாரி, அதே கிடங்கு. ஆலைக்கு வந்ததும் சல்லடையும் நீளம் பார்த்துப் பிரிக்கும் உருளையும் கோதுமையைப் பெரும்பாலும் பிடித்துவிடும், ஏனென்றால் கோதுமை மணி குட்டை, ஓட்ஸ் நீளம். பார்லிதான் தப்பிக்கும். நம் மலையில் படுகர் ஊர்களில் கோதுமையும் பார்லியும் விதைத்த காலத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். உமியோடு இருக்கும் பார்லியை ஓட்ஸிலிருந்து கையால் பொறுக்குவதே எவ்வளவு பாடு என்று சொல்வார்கள்.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. ஒரு கோதுமை மணியின் எடை ஏறக்குறைய 40 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 மில்லிகிராம், குளூட்டன். அந்த ஒரே மணி தட்டையாகி உங்கள் ஒரு கிலோ பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் முழுவதையும் அரைத்து அளந்தால் கிலோவுக்கு 4 மில்லிகிராம். குளூட்டன் இல்லாதது என்று சொல்வதற்கான எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஆகவே பாக்கெட் தேறிவிடும். ஆனால் அந்தச் சருகு எந்தக் காலையில் குழந்தையின் 40 கிராம் கிண்ணத்தில் விழுகிறதோ அன்று அந்தக் கிண்ணத்தின் அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம், எல்லையைப்போல் ஐந்து மடங்கு. மற்ற 24 கிண்ணங்களிலும் ஒன்றுமே இருக்காது. மாவில் கலப்பு சமமாகப் பரவும். ஓட்ஸில் அது ஒரு புள்ளியாக ஒளிந்திருக்கும். சோதனைக்கு எடுக்கிற ஒரு பிடி மாதிரியில் அந்தப் புள்ளி சிக்காமல் போவதுதான் வழக்கம்.

இன்ஸ்டன்ட்டில் மணியை நறுக்குவதால் அந்தப் புள்ளி மூன்று நான்காகச் சிதறும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

ஊட்டி அம்மா

என் மகனுக்கும் சீலியாக். 6 ஆண்டுகளாக வீட்டுக்குள் ஓட்ஸே வருவதில்லை. எதற்கு இவ்வளவு கணக்கு? சாமை இருக்கிறது, ராகி இருக்கிறது, இட்லி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஓட்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குளூட்டன் இல்லாதது என்று போட அனுமதியே இல்லை என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அங்கே விளைகிற நாட்டுக்காரனே போட மாட்டான் என்றால் நமக்கு எதற்கு?

கூடலூர் உணவியலாளர்

அம்மா சொல்வது உண்மை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அப்படித்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 20 என்ற எல்லைக்குள் இருந்தால் போட அனுமதிக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் காரணம் உண்டு. ஓட்ஸுக்கே அவெனின் என்ற சொந்தப் புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலானோர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள், சிறுபான்மையினர் தாங்குவதில்லை. வழக்கமான குளூட்டன் சோதனை கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றின் புரதத்தைத்தான் பிடிக்கும், அவெனினைப் பிடிக்காது. ஆகவே ‘இயற்கைவழி’ எழுதியதுபோல ஓட்ஸில் ஒன்றுமே கிடையாது என்று சொல்வதும் சரியல்ல, எல்லாருக்கும் விலக்கு என்று சொல்வதும் சரியல்ல.

என் வழக்கம் இது. சீலியாக் நோயின் நிலையைக் காட்டும் டிடிஜி என்ற எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இயல்பு நிலைக்கு வந்து, குழந்தையின் எடையும் உயரமும் ஏறத் தொடங்கிய பிறகே ஓட்ஸ் பேச்சை எடுப்பேன். அப்போதும் குளூட்டன் இல்லாதது என்று லேபிளில் உறுதி சொன்ன வகை மட்டும், சிறிய அளவில், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. சில மாதங்கள் கழித்து டிடிஜியை மீண்டும் பார்ப்பேன். சகோதரி, உங்கள் அக்கா மகளின் கடைசி டிடிஜி அளவு என்ன?

ஊட்டி அம்மா

அந்தச் சில மாதங்கள் அவன் வயிற்றில் என்ன நடக்கும் என்று நான் காத்திருக்கத் தயாராக இல்லை. உங்கள் வழி உங்களுக்கு.

கேத்தி ஆசிரியை

பள்ளித் தேர்வு வேலையால் தாமதமாக எழுதுகிறேன். டிடிஜி கடைசியாக ஜூனில் பார்த்தபோது குறைந்திருந்தது, ஆனால் இயல்புக்கு வரவில்லை. ஆகஸ்டில் இரண்டு முறை வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. அதனால்தான் ஓட்ஸைச் சந்தேகித்து இந்தக் கேள்வியையே எழுதினேன். அவளுக்கு இதுவரை கொடுத்து வந்தது முதல் பாக்கெட் வகை.

நேற்று ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, திறந்த பாக்கெட்டிலிருந்து 200 கிராம் எடுத்து எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஓட்ஸ் சருகுகள் நீள்வட்டமாக, சாம்பல் கலந்த வெண்மையாக, ஓரம் கிழிந்து இருந்தன. அவற்றுக்கு நடுவில் இரண்டு சருகுகள் வேறு மாதிரி இருந்தன. வட்டமாக, கனமாக, தேன் நிறத்தில், நடுவில் கோடு விழுந்து, விரலில் எடுத்தால் வளையாமல் விறைப்பாக இருந்தன. அம்மா பார்த்தவுடன் கோதுமை என்று சொல்லிவிட்டார்.

பழைய ஆலைக்காரன், குன்னூர்

நடுக்கோடும் தேன் நிறமும் கோதுமைக்குத்தான் பொருந்துகின்றன. பார்லியாக இருந்தால் வெளுத்திருக்கும். அதை நீங்கள் கண்ணால் பிடித்திருக்க மாட்டீர்கள். 200 கிராமில் இரண்டு மணி என்றால் 8 மில்லிகிராம், கிலோவுக்கு 40. எல்லையைத் தாண்டியாயிற்று. ‘இருக்கக்கூடும்’ என்று அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தென்படாத தூளும் பார்லியும் அதிலேயே இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். ஓட்ஸைக் கஞ்சியாக மட்டும்தான் கொடுத்தீர்களா, வேறு ஏதாவது செய்தீர்களா?

இயற்கைவழி, கோத்தகிரி

நன்றாகக் கழுவி, வாணலியில் வறுத்துவிட்டால் போகாதா?

பழைய ஆலைக்காரன், குன்னூர்

போகாது. குளூட்டன் தண்ணீரில் கரையாத புரதம், வறுத்தாலும் அழியாது. கழுவினால் ஓட்ஸின் கரையும் நார்தான் வழுவழுவென்று தொட்டியில் போகும்.

கேத்தி ஆசிரியை

ஐயா கேட்ட கேள்விக்கு அம்மாவிடம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். ஜூலை கடைசியில், ஓட்ஸ் தோசைக்காக இரண்டு கிலோ ஓட்ஸை பஜாரில் உள்ள மாவு மில்லில் கொடுத்து அரைத்து வந்திருக்கிறார். வரிசையில் இவருக்கு முன்னால் இருந்தவர் சம்பா கோதுமை அரைத்தாராம். மில்காரர் வழக்கம்போல முதலில் விழுந்த ஒரு பிடி மாவைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை எங்கள் தூக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த மாவில்தான் ஆகஸ்ட் முழுவதும் தோசை வார்த்திருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

பழைய ஆலைக்காரன், குன்னூர்

அப்படியானால் உங்கள் விசாரணையில் குற்றவாளிகள் இருவர். மில்லின் கல்லிலும் புனலிலும் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு ஒரு பிடியோடு போய்விடாது. கணக்கு உங்களுக்கே வரும்: இரண்டு கிலோ ஓட்ஸில் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு, 3 கிராம் என்று வைத்தால்கூட, அதில் குளூட்டன் 300 மில்லிகிராம், கிலோவுக்கு 150. இது மணியைப்போல் ஒரு கிண்ணத்தில் மட்டும் விழுவதில்லை. ஒவ்வொரு தோசையிலும் இருக்கும். குளூட்டன் இல்லாதது என்று சான்று பெற்ற பாக்கெட்டை வாங்கி அதே மில்லில் கொடுத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும்.

வயிற்று வலிக்குக் காரணம் பாக்கெட்டா மில்லா என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவெனின் என்றுகூட ஆகலாம்.

கூடலூர் உணவியலாளர்

ஒப்புக்கொள்கிறேன். டிடிஜி இயல்புக்கு வராத நிலையில் இப்போதைக்கு எந்த ஓட்ஸும் வேண்டாம். அரிசி, ராகி, சாமை மாவையும் அந்த மில்லில் அரைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை எடுங்கள். அப்போதும் குறையாவிட்டால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

கொடைக்கானல் விடுதி

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது. சென்ற மாதம் ஒரு விருந்தினர் குளூட்டன் இல்லாத காலை உணவு கேட்டபோது, ரவை உப்புமா கிண்டிய அதே கரண்டியால் ஓட்ஸ் கஞ்சியைக் கலக்கிக் கொடுத்துவிட்டேன். இனி அப்படிக் கேட்பவர்களுக்கு எந்தப் பாக்கெட் வாங்கி வைப்பது? கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் சொல்வார்களா?

பழைய ஆலைக்காரன், குன்னூர்

ஓட்ஸ் வேண்டாம், தனிப் பாத்திரத்தில் இட்லி கொடுங்கள். அதுவும் உளுந்தும் அரிசியும் உங்கள் கிரைண்டரில் அரைத்ததாக இருக்கட்டும்.

எழுதிக் கேட்க விரும்பினால், ‘உங்கள் ஓட்ஸ் சுத்தமா’ என்று கேட்காதீர்கள். ஆம் என்று ஒரு வரி வரும். பாக்கெட்டில் உள்ள பேட்ச் எண்ணைப் போட்டு, தனி வயல் தனி ஆலையில் எடுத்ததா, சாதாரண ஓட்ஸை இயந்திரத்தால் பிரித்ததா என்று கேளுங்கள். ஒவ்வொரு பேட்சையும் சோதிக்கிறார்களா, ஒரு பேட்சுக்கு எத்தனை மாதிரி எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாதிரி எண்ணிக்கையைச் சொல்கிறவருக்கு நான் மேலே எழுதிய புள்ளிக் கலப்பு தெரிந்திருக்கிறது என்று பொருள்.

கேத்தி ஆசிரியை

இரண்டு கம்பெனிகளுக்கும் பேட்ச் எண்ணோடு எழுதியிருக்கிறேன். ஒருவர், உணவுப் பாதுகாப்பு விதிகள் அனைத்தையும் பின்பற்றுகிறோம் என்று பதில் அனுப்பியிருக்கிறார். நான் கேட்ட எதற்கும் அதில் பதில் இல்லை. மற்றவரிடமிருந்து இன்னும் வரவில்லை.

குழந்தைக்கு ஓட்ஸை நிறுத்திவிட்டோம். அப்பாவுக்கு மீண்டும் மூன்று முறை பார்த்ததில், ஒரு மணி நேர அளவு ரோல்டுக்கு 184, 190, 179 என்றும், இன்ஸ்டன்ட்டுக்கு 221, 196, 228 என்றும் வந்தது. அந்த 196 ஏன் என்று தெரியவில்லை. அன்று காலை அவர் எல்லநள்ளி வரை நடந்துவிட்டு வந்து சாப்பிட்டார். ரோல்டு பாக்கெட்டை அவருக்கென்று தனி டப்பாவில் போட்டு, தனிக் கரண்டியோடு மேல் தட்டில் வைத்திருக்கிறேன். நம் உயரத்துக்கு 12 நிமிடம் வேக வேண்டியிருப்பதால் இரவே ஊறப்போட்டு விடுகிறோம்.

ஆப்பிள் பாக்கெட்டை அப்பா இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று மட்டும் என்று உடன்பாடு.